தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கும் விஷயம் போய்ச் சேர: ஓர் அலுவலக அறிக்கையைத் திருத்தும் முறை

அலுவலகத்தில் ஓர் அறிக்கை வந்தால் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிப்பவர் அநேகமாக அதை எழுதியவர் மட்டும்தான். மேலாளர் தான் எதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்று தேடுகிறார். எலக்ட்ரீஷியன் தனக்கு என்ன வேலை இருக்கிறது என்று பார்க்கிறார். தரப் பிரிவில் இருப்பவருக்கு இரண்டு எண்கள் போதும். பார்வையில்லாத ஊழியர் ஒருவர், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு தலைப்பு தலைப்பாகத் தாவிப் போகிறார். இவர்கள் எல்லோருமே அறிக்கையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தெடுத்துத்தான் படிக்கிறார்கள். பிய்த்தெடுத்த துண்டு தனியாக நின்று பொருள் தர வேண்டும். வாக்கியம், தலைப்பு, இணைப்புச் சொல் மூன்றையும் திருத்தும்போது இந்த ஒரு சோதனையைக் கையில் வைத்துக்கொண்டால் வேலை தெளிவாகிவிடும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொண்டு திருத்திப் பார்ப்பது நல்லது. மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு குளிர் அறை. ஒரு நாள் அதிகாலை மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர் ஓடவில்லை, அறை சூடாகிவிட்டது. நடந்ததைப் பற்றி எழுதிய அறிக்கையின் மையப் பத்தி இப்படி இருக்கிறது:

> கடந்த 15.06 அன்று அதிகாலை 1.40 மணியளவில் ஏற்பட்ட மின்தடையின்போது தானாக இயங்கியிருக்க வேண்டிய ஜெனரேட்டர் பேட்டரியில் போதிய மின்னழுத்தம் இல்லாத காரணத்தால் இயங்காமல் போனதையடுத்து குளிர் அறையின் வெப்பநிலை படிப்படியாக உயர்ந்து 2.35 மணியளவில் 8 டிகிரியைக் கடந்து அதிகபட்சமாக 11.4 டிகிரி வரை சென்று 4.55 மணிக்கு மின்சாரம் திரும்பிய பின்னர் 5.50 மணிக்கு மீண்டும் 8 டிகிரிக்குக் கீழ் வந்துள்ள நிலையில், எச்சரிக்கைக் குறுஞ்செய்தியானது கடந்த மாதம் பணியிலிருந்து விலகிய பொறுப்பாளரின் கைப்பேசி எண்ணுக்குச் சென்றுள்ளதால் உரிய நேரத்தில் நடவடிக்கை மேற்கொள்ளப்பட இயலாமல் போனது தெரியவருகிறது.

இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை. தகவலும் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது. ஆனாலும் இதைப் படித்து முடித்தவரிடம் "மருந்து எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது?" என்று கேட்டால் மறுபடியும் மேலே போய்த் தேட வேண்டியிருக்கும்.

## 64 சொல்லுக்கு ஒரே ஒரு வினைமுற்று

அந்த வாக்கியத்தில் 64 சொற்கள். வினைமுற்று ஒன்றே ஒன்று, கடைசியில் வரும் "தெரியவருகிறது". அதற்கு முன்னால் நடந்தவை எல்லாம் எச்சங்களாகவே நிற்கின்றன: ஏற்பட்ட, வேண்டிய, இல்லாத, போனதையடுத்து, உயர்ந்து, கடந்து, சென்று, திரும்பிய, வந்துள்ள, விலகிய, சென்றுள்ளதால். தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதால், அது வரும்வரை படிப்பவர் எல்லாவற்றையும் மனதில் சுமந்துகொண்டே போகிறார். இவ்வளவு தூரம் சுமந்து வந்தவருக்குக் கடைசியில் கிடைப்பது "தெரியவருகிறது" என்ற, எந்தத் தகவலும் தராத ஒரு வினை.

வாக்கியத்தைச் சுருக்க எத்தனை சொல் இருக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்துக்கு எழுதுபவர்களுக்கான வழிகாட்டி, ஒரு வாக்கியத்துக்கு 25 சொல் என்று வரம்பு வைத்திருக்கிறது. அது ஆங்கிலத்துக்கானது. தமிழில் "ஓடாவிட்டாலும்கூட" என்ற ஒரே சொல்லுக்குள் நிபந்தனை, எதிர்மறை, அழுத்தம் மூன்றும் அடங்கிவிடும். அதனால் 25 தமிழ்ச் சொல் என்பது மிகப் பெரிய சுமை. வேர்டு மென்பொருள் காட்டும் வாசிப்பு எளிமை மதிப்பெண்ணையும் தமிழுக்கு நம்ப முடியாது. அந்தக் கணக்கு ஆங்கில அசைகளையும் வாக்கிய நீளத்தையும் வைத்து உருவானது. சந்தேகப்படும் வாக்கியத்தைத் தேர்வு செய்தால் திரையின் அடிப்பட்டையில் சொல் எண்ணிக்கை தெரியும். 15ஐத் தாண்டினால் நின்று பார்க்கலாம். ஆனால் சொல்லைவிட எச்சங்களை எண்ணுவதுதான் தமிழுக்குச் சரியான அளவுகோல். ஒரு வாக்கியத்தில் வினையெச்சமும் பெயரெச்சமும் சேர்ந்து மூன்றுக்கு மேல் போனால், அது எத்தனை சொல்லாக இருந்தாலும் உடைக்க வேண்டியதுதான்.

எங்கே உடைப்பது? எச்சம் நிற்கும் இடமெல்லாம் உடைக்கக்கூடிய இடம்தான். "உயர்ந்து", "கடந்து", "சென்று" என்பவற்றை "உயர்ந்தது", "கடந்தது", "சென்றது" என்று முற்றாக்கினால் புள்ளி வைத்துவிடலாம். இது எளிய பகுதி.

பெயரெச்சம் கொஞ்சம் கடினம். "கடந்த மாதம் பணியிலிருந்து விலகிய பொறுப்பாளரின் கைப்பேசி எண்ணுக்கு" என்ற தொடரில் அறிக்கையின் மிக முக்கியமான உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. வேலையை விட்டவரின் எண்ணை யாரும் மாற்றவில்லை. பெயரெச்சத்துக்குள் வைத்த செய்தி ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பின்னணி போல ஒலிக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். புதிய செய்தி, அதிலும் தவறு எங்கே நடந்தது என்று சொல்லும் செய்தி, தனி வாக்கியமாக நிற்க வேண்டும். பெயரெச்சத்துக்குள் இருப்பது அடையாளம் காட்ட மட்டும் வருகிறதா, புதிதாக ஒன்றைச் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புதிதாகச் சொல்கிறது என்றால் வெளியே எடுங்கள்.

இந்த இரண்டையும் செய்து எழுதினால் முதல் வரைவு இப்படி வரும்:

> ஜூன் 15 அதிகாலை 1.40 மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் ஓடவில்லை. பேட்டரியில் சார்ஜ் இல்லை. வெப்பநிலை உயர்ந்தது. 2.35க்கு 8 டிகிரியைத் தாண்டியது. மருந்துகள் 11.4 டிகிரியில் இருந்தன. 4.55க்கு மின்சாரம் வந்தது. 5.50க்கு இறங்கியது. குறுஞ்செய்தி போனது. அவர் வேலையை விட்டுவிட்டார். நடவடிக்கை எடுக்கவில்லை.

வாக்கியங்கள் சிறிதாகிவிட்டன, அறிக்கை மோசமாகிவிட்டது. சுருக்கச் சொன்னால் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள், அதனால் இதில் கெட்டது என்னென்ன என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, காரணம் அறுந்துவிட்டது. "இல்லாத காரணத்தால்", "சென்றுள்ளதால்" என்ற எச்சங்கள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றை வெட்டினால், அந்த வேலையை "அதனால்", "ஏனென்றால்", "ஆனால்", "அதற்குள்" போன்ற சொற்களிடம் கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடாததும் பேட்டரியில் சார்ஜ் இல்லாததும் இரண்டு தனிச் செய்திகள் இல்லை. ஒன்று மற்றொன்றின் விளைவு.

இரண்டாவது, எழுவாய் தொலைந்துவிட்டது. "5.50க்கு இறங்கியது" என்றால் எது? "அவர்" யார்? நீண்ட வாக்கியத்தில் ஒரு எழுவாயை வைத்துக்கொண்டு பத்து வினைகளை ஓட்டலாம். உடைத்த பிறகு ஒவ்வொரு வாக்கியமும் தன் எழுவாயைத் தானே சொல்ல வேண்டும். "அது", "இது", "அவர்" என்று எழுதும் இடத்தில் பெயரையே மறுபடி எழுதுவதில் தவறில்லை. அறிக்கையில் ஒரே சொல் திரும்ப வருவது நல்லது. "வெப்பநிலை" என்று தொடங்கியதை நான்காவது வரியில் "வெப்ப அளவு" என்றும் ஆறாவது வரியில் "தட்பவெப்பம்" என்றும் அழகுக்காக மாற்றினால், படிப்பவர் மூன்று வெவ்வேறு விஷயம் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: உண்மை மாறிவிட்டது. "குளிர் அறையின் வெப்பநிலை 11.4 வரை சென்றது" என்பது "மருந்துகள் 11.4 டிகிரியில் இருந்தன" என்று ஆகியிருக்கிறது. உணரி அளப்பது அறைக் காற்றை. அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு வேகமாகச் சூடாகாது. இந்த ஒரு சொல் மாற்றத்தால், காப்பாற்றக்கூடிய சரக்கைத் தூக்கி எறியும் முடிவுக்கு யாராவது வரலாம். சுருக்கிய பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலத்தோடு வைத்து, யார், எது, எவ்வளவு என்ற மூன்றும் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் இன்னொரு பலனும் உண்டு. மூலத்தில் என்ன இல்லை என்பது வெளிப்பட்டுவிடும். "உரிய நேரத்தில் நடவடிக்கை மேற்கொள்ளப்பட இயலாமல் போனது" என்ற தொடரை முற்றாக்கப் பார்த்தால் எழுவாய் கிடைக்காது. யார் எடுக்கவில்லை? எப்போது தெரிந்தது? யாருக்கு? பழைய வாக்கியத்தின் நீளம் இந்தக் கேள்விகளை மூடி வைத்திருந்தது. "மேற்கொள்ளப்பட்டது", "கண்டறியப்பட்டது", "அறிவுறுத்தப்பட்டது" என்று செயப்பாட்டு வினையில் எழுதுவது அலுவலக வழக்கம். பெயர் சொல்லி ஒருவரை மாட்டிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமும் அதில் இருக்கிறது. பெயர் வேண்டாம், பொறுப்பைச் சொன்னால் போதும்: "இரவுக் காவலர்", "பராமரிப்புப் பிரிவு". அதோடு, பார்த்ததற்கும் ஊகித்ததற்கும் உள்ள வித்தியாசத்தையும் விட்டுவிடக் கூடாது. ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் மூன்று வாரமாக ஒன்றும் எழுதவில்லை என்றால், "பராமரிப்புப் பிரிவு சோதனை ஓட்டம் செய்யவில்லை" என்று எழுத முடியாது. "மே 25க்குப் பிறகு பதிவேட்டில் சோதனை ஓட்டப் பதிவு இல்லை" என்பதுதான் கண்ணால் கண்டது.

விடுபட்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினால்:

> ஜூன் 15 அதிகாலை 1.40 மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் தானாக ஓடியிருக்க வேண்டும். ஆனால் அதன் பேட்டரியில் சார்ஜ் இல்லாததால் ஓடவில்லை.
>
> குளிர் அறையின் வெப்பநிலை 2.35 மணிக்கு 8 டிகிரியைத் தாண்டியது. மின்சாரம் 4.55க்குத் திரும்பியது. அறையின் வெப்பநிலை 5.50க்கு மீண்டும் 8 டிகிரிக்குக் கீழே வந்தது. ஆக, அறை 3 மணி 15 நிமிடம் வரம்புக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் பதிவான அதிகபட்சம் 11.4 டிகிரி.
>
> எச்சரிக்கைக் குறுஞ்செய்தி 2.40 மணிக்கே போனது. ஆனால் அந்த எண்ணுக்கு உரிய பொறுப்பாளர் மே மாதமே வேலையை விட்டுவிட்டார். அதனால் காலை 6.30க்குப் பணிக்கு வந்த கிடங்கு உதவியாளர் பார்க்கும் வரை யாருக்கும் தெரியவில்லை.

மொத்தச் சொற்கள் குறையவில்லை, பழையதைவிடக் கூடியிருக்கின்றன. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 3 மணி 15 நிமிடம் என்ற கழித்தலை எழுதியவரே போட்டுக் கொடுத்துவிட்டார். தரப் பிரிவுக்குத் தேவையான எண் அதுதான், ஒவ்வொரு வாசகரும் அதைத் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. கடைசி வாக்கியத்தில் "வந்த", "பார்க்கும்" என்று இரண்டு எச்சங்கள் இருக்கின்றன, அவை இருக்கட்டும். எல்லா வாக்கியமும் நான்கு சொல்லில் முடிந்தால் தந்தி போலாகிவிடும்.

நேரங்கள் ஆறேழுக்கு மேல் போனால் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டு நெடுவரிசை அட்டவணை போடுவது நல்லது. இடது பக்கம் நேரம், வலது பக்கம் என்ன நடந்தது. கலங்களை ஒன்றோடொன்று இணைக்காமல் விட்டால் திரைவாசிப்பானும் அதைச் சரியாகப் படிக்கும்.

## தலைப்புகளை மட்டும் உருவி எடுத்துப் படியுங்கள்

மாதிரி அறிக்கையில் தலைப்புகள் இந்த வரிசையில் இருந்தன: முன்னுரை, பின்னணி, நிகழ்வு விவரம், ஆய்வு, கண்டறிந்தவை, பரிந்துரைகள், முடிவுரை. இவற்றை அப்படியே தூக்கி ஆண்டு விழாச் செலவு அறிக்கையில் வைத்தாலும் பொருந்தும். இவை அறைகளின் கதவில் ஒட்டிய எண்கள் மாதிரி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. ஒரு தலைப்பு இன்னோர் அறிக்கைக்கும் பொருந்தினால் அது இன்னும் எழுதி முடிக்காத தலைப்பு.

திருத்திய வரிசை:

- முடிவு தேவை: தனியே வைத்த 212 பெட்டிகளும் இரண்டு செலவுகளும்
- குளிர் அறை 3 மணி 15 நிமிடம் 8 டிகிரிக்கு மேல் இருந்தது
- ஜெனரேட்டர் ஓடாததற்குக் காரணம்: சார்ஜ் இறங்கிய பேட்டரி
- எச்சரிக்கை, வேலையை விட்டவரின் எண்ணுக்குப் போனது
- முடிந்த வேலைகளும் மீதி வேலைகளும்

இந்த ஐந்து வரியை மட்டும் படித்தவருக்கு நடந்தது என்ன என்று தெரிந்துவிடும். மேலாளரின் கேள்வி முதலில் வந்துவிட்டது, ஏனென்றால் அவர் கைப்பேசியில் முதல் திரையைத் தாண்டுவாரா என்பதே சந்தேகம். நீளத்தைப் பொறுத்தவரை, ஒரு தலைப்பு கைப்பேசியில் இரண்டு வரிக்குள் அடங்கினால் சரி. மூன்று வரி போனால் அது தலைப்பு வேலையைச் செய்யாது, பத்தியைப் போலத் தெரியும்.

நிறுவனத்தின் படிவத்தில் "பின்னணி", "ஆய்வு" என்று இருந்தே ஆக வேண்டும், தணிக்கைக்குத் தேவை என்று சொல்லும் இடங்கள் நிறைய உண்டு. படிவத்தோடு சண்டை போட வேண்டாம். முக்காற்புள்ளி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்: "ஆய்வு: பேட்டரியில் 10.9 வோல்ட்தான் இருந்தது". அல்லது படிவத் தலைப்பை அப்படியே விட்டு, அதன் கீழ் இரண்டாம் நிலைத் தலைப்பில் விஷயத்தைச் சொல்லலாம். பேட்டரிப் பகுதி இப்படிப் பிரிக்கத் தகுந்தது. முழுச் சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டிய 12 வோல்ட் பேட்டரி 10.9 காட்டியது என்பது ஒரு உட்தலைப்பு. சார்ஜரின் ஃபியூஸ் போயிருந்தது என்பது அடுத்தது. சோதனை ஓட்டப் பதிவு இல்லை என்பது மூன்றாவது. எலக்ட்ரீஷியன் நேராக இரண்டாவதற்குப் போய்விடுவார்.

எழுதியது சரியாக இருந்தாலும், அது தலைப்பு என்று கணினிக்குத் தெரியாமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்கு அது தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு பத்தி, அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் `H` விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார், `NVDA+F7` அழுத்தி எல்லாத் தலைப்புகளையும் ஒரே பட்டியலாக எடுப்பார். தடிமன் எழுத்து அந்தப் பட்டியலில் வராது. உள்ளடக்க அட்டவணையைத் தானாக உருவாக்கினால் அதிலும் வராது.

வேர்டில் தலைப்பு வரியில் கர்சரை வைத்து `Ctrl+Alt+1` அழுத்தினால் `Heading 1` ஆகும், `Ctrl+Alt+2` அழுத்தினால் `Heading 2`. கூகுள் டாக்ஸிலும் இதே விசைகள்தான். பிறகு வேர்டின் `View` தாவலில் `Navigation Pane` என்பதைத் திறந்தால் தலைப்புகள் மட்டும் இடது பக்கம் வரிசையாகத் தெரியும். தலைப்புகளை உருவி எடுத்துப் படிக்கும் சோதனையை அங்கேயே செய்துவிடலாம். ஒன்று விட்டுப்போயிருந்தால் அங்கே தெரியாது. முதல் நிலையிலிருந்து நேராக மூன்றாம் நிலைக்குத் தாவியிருந்தால் அங்கே உள்ளே தள்ளி நிற்கும். எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக `Heading 3` தேர்வு செய்பவர்கள் உண்டு. அளவு பிடிக்கவில்லை என்றால் அந்த நடையின், அதாவது வேர்டு `Style` என்று சொல்வதன், வடிவத்தைத் திருத்த வேண்டும், நிலையை மாற்றக் கூடாது.

நடையைத் திருத்தும்போது தமிழுக்கென்று ஒரு சிக்கல் வரும். `Heading 1` மேல் வலச் சொடுக்கு, `Modify`, எழுத்தளவு 16 என்று மாற்றியும் தமிழ் எழுத்து அசையாமல் இருக்கும். காரணம், வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது, அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. அதே பெட்டியில் `Format`, `Font` என்று போனால் கீழே `Complex scripts` என்ற பகுதி இருக்கும். அங்கேயும் எழுத்துரு, தடிமன், அளவு மூன்றையும் கொடுத்தால் சரியாகும். இது தெரியாமல் பலர் நடையைக் கைவிட்டுப் பழையபடி கையால் தடிமனாக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தடை பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த அறிக்கை திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. "தமிழ்" என்று தெரியும் இடத்தில் உண்மையில் இருப்பது இது:

```
jkpo;
```

திரைவாசிப்பான் இதைத்தான் படிக்கும். தேடலில் சொல் அகப்படாது. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் தலைப்பு முழுவதும் இப்படித்தான் தெரியும். ஆகவே யூனிகோடுக்கு மாற்றுவது மற்ற எல்லாத் திருத்தத்துக்கும் முந்தைய வேலை. மாற்றியபின் முழு உரையையும் தேர்வு செய்து, `Review` தாவலில் `Language` வழியாக `Set Proofing Language` போய்த் தமிழைக் குறித்துவிட்டால், திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற வழி கிடைக்கும்.

பிடிஎஃப் ஆக்கும்போது தலைப்புகள் மறுபடி தொலையக்கூடும். அச்சிடும் வழியாக பிடிஎஃப் எடுத்தால் கட்டமைப்பு போய்விடும், தாளின் தோற்றம் மட்டும் மிஞ்சும். `Save As` வழியாகப் போய் பிடிஎஃப் தேர்ந்து, `Options` பெட்டியில் `Document structure tags for accessibility`, `Create bookmarks using: Headings` இரண்டையும் குறிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் தமிழ் பிடிஎஃபிலிருந்து எழுத்தை வெளியே எடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்புவது பல நேரம் நடக்கிறது. ஒரு பத்தியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். "வெப்பநிலை" சிதைந்து வந்தால் திரைவாசிப்பானுக்கும் அப்படித்தான் போகும். அப்போது வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புவதே பாதுகாப்பு.

## "இங்கே" என்ற இணைப்பு எங்கே போகிறது?

மாதிரி அறிக்கையின் முடிவில் இப்படி ஒரு வரி: "வெப்பநிலைப் பதிவுக்கு இங்கே, பராமரிப்புப் பதிவேட்டுக்கு இங்கே, தயாரிப்பாளர் கடிதத்துக்கு இங்கே சொடுக்கவும்." மூன்று "இங்கே"யும் இணைப்புகள். கண்ணால் படிப்பவர் முன்னும் பின்னும் பார்த்துப் புரிந்துகொள்வார். திரைவாசிப்பானில் இணைப்புகளைப் பட்டியலாக எடுப்பவருக்குக் கிடைப்பது: இங்கே, இங்கே, இங்கே. கைப்பேசியில் கட்டைவிரலால் அழுத்துபவருக்கும் தொல்லைதான், அத்தனை சின்னச் சொல்லைக் குறிபார்த்துத் தொட வேண்டும்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டியில் இதற்கு இரண்டு படிகள் உண்டு. 2.4.4 என்ற விதி, இணைப்பின் நோக்கம் அது நிற்கும் வாக்கியத்தோடு சேர்த்துப் பார்த்தாலாவது தெரிய வேண்டும் என்கிறது. அது அடிப்படை நிலை. 2.4.9 இன்னும் கண்டிப்பானது, இணைப்புச் சொல் மட்டுமே போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது. அலுவலக அறிக்கையில் இணைப்புகள் பத்துப் பதினைந்துக்கு மேல் போவதில்லை. கண்டிப்பான விதியைக் கடைப்பிடிப்பதில் சிரமமே இல்லை, அதையே வைத்துக்கொள்ளலாம்.

இணைப்புச் சொல்லில் போய்ச் சேரும் பொருளின் பெயர் இருக்க வேண்டும். அதை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு விவரமும், பெரிய கோப்பாக இருந்தால் வகையும் அளவும் இருக்க வேண்டும். "குளிர் அறை வெப்பநிலைப் பதிவு, ஜூன் 15 (எக்ஸெல், 2 எம்பி)" என்றால் போதும். "பார்க்க", "சொடுக்கவும்" என்பவை இணைப்புக்கு வெளியே இருக்கட்டும், அல்லது இல்லாமலே போகட்டும். ஒரே அறிக்கையில் மே மாதப் பதிவும் ஜூன் மாதப் பதிவும் இருந்து, இரண்டுக்கும் "வெப்பநிலைப் பதிவு" என்று பெயர் வைத்தால் பட்டியலில் எது எது என்று தெரியாது. மாதத்தைச் சேர்த்துவிடுங்கள்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிவிடுவதால் இணைப்பை எங்கே முடிப்பது என்ற குழப்பம் வரும். "பதிவேட்டில்" என்ற சொல்லில் பெயரை மட்டும் இணைப்பாக்கப் பார்த்தால் சொல்லின் நடுவே வெட்டு விழும். சில நேரம் உயிர்க்குறி தனியே பிரிந்து புள்ளி வட்டமாகத் தெரியும், திரைவாசிப்பான் இரண்டு துண்டாகப் படிக்கும். உருபையும் சேர்த்து முழுச் சொல்லையும் இணைப்புக்குள் கொண்டுவர வேண்டும்: "ஜெனரேட்டர் பராமரிப்புப் பதிவேட்டில்" என்பது முழு இணைப்பு. உருபு உறுத்துகிறது என்றால் வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம்: "ஆதாரம்: ஜெனரேட்டர் பராமரிப்புப் பதிவேடு, மே–ஜூன்".

முகவரியை அப்படியே ஒட்டுவதும் "இங்கே"க்குச் சளைத்ததில்லை. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் முகவரி இன்னும் நீளும். "வெப்பநிலை" என்ற ஒரு சொல் இப்படி ஆகிவிடும்:

```
%E0%AE%B5%E0%AF%86%E0%AE%AA%E0%AF%8D%E0%AE%AA%E0%AE%A8%E0%AE%BF%E0%AE%B2%E0%AF%88
```

81 குறிகள். திரைவாசிப்பான் இதை விழுக்காட்டுக் குறி, எழுத்து, எண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர் அறிக்கையை மூடிவிட்டுப் போய்விடுவார். சொற்களைத் தேர்வு செய்து `Ctrl+K` அழுத்தி, `Address` கட்டத்தில் முகவரியை ஒட்டினால் முகவரி பின்னால் மறைந்துகொள்ளும்.

அறிக்கையைத் தாளில் அச்சிட்டுக் கோப்பில் போடும் அலுவலகங்களில் இணைப்பு வெறும் நீல எழுத்தாகிவிடும். அதனால் ஆவணத்துக்குப் பதிவேட்டு எண்ணோ கோப்பு எண்ணோ இருந்தால் அதை இணைப்புச் சொல்லிலேயே சேர்த்துவிடுவது நல்லது. தாளில் படிப்பவர் அலமாரியில் தேடவும் அது உதவும். முழு முகவரியை அச்சிடுவதால் பயனில்லை, அதை யாரும் பார்த்து அடிக்கப் போவதில்லை.

சொல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இணைப்பு திறக்காவிட்டால் வீண். `C:\Users` என்று தொடங்கும் முகவரி எழுதியவரின் கணினியில் மட்டும் திறக்கும். அவர் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், அதனாலேயே இந்தத் தவறு கடைசி வரை தப்பிவிடுகிறது. பகிர்ந்த கோப்புறையில் இருக்கும் ஆவணம் என்றால் அனுமதிப் பிரச்சினை. எழுதியவருக்குத் திறக்கும், மேலாளருக்கு "அனுமதி கேட்கவும்" என்ற திரை வரும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்தால், உள்நுழையாதவருக்கு என்ன தெரியும் என்பது மட்டும்தான் தெரியும். மருந்துப் பதிவுகள் போன்றவை எல்லோருக்கும் திறக்கவும் கூடாது. ஆகவே அறிக்கையைப் பெறப்போகும் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரிடம் அனுப்புவதற்கு முன்பே எல்லா இணைப்பையும் அழுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். திறக்கவில்லை என்றால் அனுமதியை அப்போதே சேர்த்துவிடலாம். ஒரு ஆவணத்துக்கு அனுமதி தரவே முடியாது என்றால், இணைப்புச் சொல்லை ஒட்டியே அதைச் சொல்லிவிடுங்கள்: "தயாரிப்பாளரின் நிலைப்புத்தன்மைக் கடிதம் (தரப் பிரிவுக்கு மட்டும் திறக்கும்)". மற்றவர்களுக்குத் தேவையான ஒரு வரிச் சாரம், அதாவது எத்தனை டிகிரி வரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கடிதம் சொல்வது, அந்த வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும்.